பேனிக் அட்டாக் வரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது, அந்த நிமிடத்தில் என்ன செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்துக் கொட்டி, செத்தே போயிடுவேன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில ஈ.சி.ஜி. நார்மல், ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. ஒண்ணும் இல்லன்னா அப்போ வந்தது என்ன?

"ஒண்ணும் இல்லை" என்றால் இதயத்தில் கோளாறு இல்லை என்று பொருள். உங்கள் உடம்பில் எதுவும் நடக்கவில்லை என்று பொருள் இல்லை. இப்படித் திடீரென்று பொங்கி எழும் கடும் பயத்தைத்தான் பேனிக் அட்டாக் என்கிறோம். நடந்தது நிஜம், அளந்து பார்க்கக்கூடியதும்கூட. அந்த நேரத்தில் நாடி பிடித்திருந்தால் நிமிடத்துக்கு 110, 120 என்று ஓடியிருக்கும். ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

மூளையின் உட்பகுதியில் ஆபத்தைக் கண்டு எச்சரிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. பாம்பைக் கண்டால் யோசிப்பதற்கு முன்பே காலைப் பின்னுக்கு இழுக்க வைப்பது அதுதான். வெளியே ஆபத்து ஏதும் இல்லாதபோதும் சில சமயம் அது முழு வேகத்தில் கிளம்பிவிடும். உடனே சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ தேவையானதை எல்லாம் அது செய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கை கால் தசைகள் முறுக்கேறி நடுங்குகின்றன, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, வயிறு கலங்குகிறது. ஓடுவதற்குத் தயாரான உடம்பு ஓடாமல் ஒரே இடத்தில் நிற்பதால், அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் நோயின் அறிகுறி மாதிரியே தெரியும்.

இரண்டாவது கட்டம் இதற்குப் பிறகுதான். "நெஞ்சு இப்படி அடிக்குதே, ஹார்ட் அட்டாக்கா?" என்று மனசு கேட்கிறது. அந்தக் கேள்வியையே புதிய ஆபத்தாக மூளை எடுத்துக்கொண்டு இன்னும் அட்ரினலினை அனுப்புகிறது. பயத்தால் அறிகுறி, அறிகுறியால் பயம் என்று சுற்றத் தொடங்கினால் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடும். இந்தச் சுற்றை எங்கே உடைப்பது என்பதுதான் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை.

மூச்சே கிடைக்கல. எவ்வளவு இழுத்தாலும் பத்தல. ஆக்ஸிஜன் கொறஞ்சிடுச்சா?

இல்லை. பேனிக் அட்டாக்கில் பெரும்பாலும் நேர்மாறானதுதான் நடக்கிறது: தேவைக்கு மேல் மூச்சு விடுகிறீர்கள். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த ஆக்ஸிமீட்டரை அந்த நேரத்தில் விரலில் மாட்டினால் 98, 99 என்றுதான் காட்டும்.

குறைவது கரியமில வாயு. அதை வெறும் கழிவு என்றே பள்ளியில் படித்திருப்போம். ஆனால் ரத்தத்தில் அது ஒரு குறிப்பிட்ட அளவு இருந்தே ஆக வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். பயத்தில் அது 25, 30 என்று போகிறது, அல்லது எண்ணிக்கை ஏறாமல் ஒவ்வொரு மூச்சும் பெரிதாகிறது. உடம்பு உண்டாக்கும் கரியமில வாயுவைவிட அதிகமாக வெளியே போய்விடுவதால் ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதன் விளைவாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலை கிறுகிறுப்பது, கண் மங்குவது, சுற்றி நடப்பதெல்லாம் கனவு மாதிரி, நான் நானாகவே இல்லாத மாதிரி தோன்றுவது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். "பைத்தியம் பிடிக்கப் போவுது" என்று பலர் பயப்படுவது இந்த உணர்வைப் பார்த்துத்தான். மூச்சு சீரானதும் அது போய்விடும்.

அப்படியானால் மூச்சுப் பற்றாத உணர்வு எங்கிருந்து வருகிறது? மேல் நெஞ்சால் வேகமாக இழுக்கும்போது முந்தைய மூச்சை முழுசாக வெளியே விடாமலே அடுத்ததை இழுக்கிறோம். நெஞ்சுக்கூடு ஏற்கெனவே விரிந்து நிற்பதால் அடுத்த மூச்சுக்கு உள்ளே இடம் இல்லை. அந்தத் தடையை "காத்து வரல" என்று மனசு படிக்கிறது. விலா இடைத் தசைகள் ஓயாமல் வேலை செய்து வலிக்க ஆரம்பிப்பதால் நெஞ்சு இறுக்கமும் சேர்ந்துகொள்கிறது.

வாயால் மூச்சு வாங்கும்போது காற்றை விழுங்கவும் செய்வோம். அது வயிற்றில் சேர்ந்து ஏப்பமாக வரும். "ஏப்பம் விட்டதும் லேசாச்சு, அப்போ கேஸ்தான்" என்று பலர் முடிவு கட்டுவது இப்படித்தான். வாயு இருந்தது உண்மை. ஆனால் அது அட்டாக்கின் விளைவு, காரணம் அல்ல.

இதனால்தான் பக்கத்தில் இருப்பவர்கள் அக்கறையோடு சொல்லும் "நல்லா மூச்சை இழுத்து இழுத்து விடு" என்ற யோசனை நிலைமையை மோசமாக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் தேவைப்படுவது பெரிய மூச்சு அல்ல, சின்ன, மெதுவான மூச்சு. நீளமாக இருக்க வேண்டியது வெளிமூச்சு.

கை வெரலெல்லாம் மடங்கி வெறச்சுக்கிச்சு, வாயச் சுத்தி மரத்துப்போச்சு. பக்கவாதமா?

பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும். முகம் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்க வராது, பேச்சு குழறும். அப்படி இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108.

அதிக மூச்சால் வருவது பொதுவாக இரண்டு கைகளிலும் வரும். முதலில் விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊறும். மூச்சு அப்படியே தொடர்ந்தால் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கும். மற்ற நான்கு விரல்களும் நுனியில் ஒட்டிக்கொண்டு, கணு நேராக நிற்க, அடிப்பக்கம் மட்டும் மடங்கி விறைக்கும். மணிக்கட்டும் உள்நோக்கி வளையும். ரத்தத்தின் காரத்தன்மை ஏறும்போது, நரம்புகளை அமைதியாக வைத்திருக்கும் கால்சியத்தில் ஒரு பங்கு ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மொத்தக் கால்சியம் குறைவதில்லை. அதனால் பிறகு லேபில் பார்த்தாலும் நார்மல் என்றே வரும், கால்சியம் மாத்திரை வாங்கித் தின்ன வேண்டியதும் இல்லை. மூச்சு நிதானமானதும் விரல்கள் தானாக நீளும். பக்கத்தில் இருப்பவர்கள் பிடித்து இழுத்து நிமிர்த்தக் கூடாது. வலி கூடும், பயமும் கூடும்.

மயங்கி விழுந்துடுவேனோன்னுதான் பெரிய பயம்.

மயக்கம் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது வருவது. பேனிக் அட்டாக்கில் அழுத்தம் ஏறி நிற்பதால், மயங்கப் போகிற மாதிரி இருக்குமே தவிர விழுவது அரிது. விதிவிலக்கு, ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள். அவர்களுக்கு அழுத்தம் உண்மையிலேயே இறங்கும், அவர்கள் படுத்துக்கொள்வதே சரி. வெயிலில் நடவு, களையெடுப்பு செய்து நீர் வற்றியவர்களும் மயங்கலாம். அது வேறு கதை; நிழல், தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பார்க்க வேண்டியது.

எவ்வளவு நேரம் இருக்கும்?

பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும். 20, 30 நிமிடத்தில் இறங்கிவிடும். ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களிலேயே சிதைந்துபோகும். புதிதாக அனுப்பாமல் இருந்தால் உடம்பு அந்த நிலையிலேயே நிற்க முடியாது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் அசதியும் உடம்பு வலியும் இருப்பது வழக்கம்.

சரி, வந்த நேரத்துல சரியா என்ன செய்யணும்? படிப்படியா சொல்லுங்க.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். 27 வயதுப் பெண், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. சாயங்காலம் மயிலாடுதுறை பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறார். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, காபி மட்டும் இரண்டு தடவை. திருவிடைமருதூர் தாண்டிக் கூட்டம் நெருக்கும்போது நெஞ்சு அடிக்கத் தொடங்குகிறது. முன்பு இரண்டு முறை வந்திருக்கிறது. டாக்டர் பார்த்து ஈ.சி.ஜி., தைராய்டு, ரத்தச் சோகை எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டார். இந்தக் கடைசி விவரம் முக்கியம். முதல் தடவையாக வரும்போது இந்த வழிமுறையை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

முதல் அரை நிமிடம், இடம். மனசு தானாகவே கதவுப் பக்கம் போகச் சொல்லும், படிக்கட்டில் நின்று காற்று வாங்கலாம் என்று தோன்றும். ஓடுகிற பஸ்ஸில் படிக்கட்டுதான் இருப்பதிலேயே ஆபத்தான இடம். பக்கத்துச் சீட்டில் இருப்பவரிடம் "அக்கா, தலை சுத்துது, கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றால் நம் ஊரில் இடம் கொடுக்காதவர் குறைவு. உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். மடியில் இருக்கும் பையை இறுக்கிப் பிடித்திருந்தால் தளர்த்தலாம்; தோள் இறங்கும்.

அடுத்தது, பெயர் சொல்வது. மனசுக்குள் ஒரே வாக்கியம்: "இது பேனிக் அட்டாக், அட்ரினலின் ஏறியிருக்கு, இறங்கிடும்." தைரியம் சொல்லிக்கொள்வதற்காக இதைச் சொல்வதில்லை. "ஹார்ட் அட்டாக்கா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காதவரை மூளை அதையே கேட்டுக்கொண்டிருக்கும். பதிலைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

பிறகு மூச்சு. வாயை மூடி, மூக்கால் சாதாரண அளவு மூச்சை மூன்று எண்ணும் நேரம் உள்ளே இழுக்க வேண்டும். நெஞ்சு எழும்பாமல் தொப்புளுக்கு மேல் வயிறு மட்டும் லேசாக எழும்பினால் போதும். பிறகு உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுவது மாதிரி, ஐந்து எண்ணும் நேரம் வெளியே விட வேண்டும். ஒவ்வொரு எண்ணும் ஒரு வினாடி. சுலபமாக வந்த பிறகு நான்கு உள்ளே, ஆறு வெளியே என்று நீட்டலாம். அப்போது நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். உள்ளே நிறுத்திப் பிடிக்கத் தேவையில்லை. இழுக்காமல் முதலில் விட்டு ஆரம்பிப்பது நல்லது. ஏற்கெனவே நெஞ்சு நிரம்பியிருப்பதால், ஒரு நீளமான வெளிமூச்சு விட்டால்தான் அடுத்ததற்கு இடம் கிடைக்கும்.

இங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள். நான்கு மூச்சு விட்டுப் பார்த்து "இது வேலைக்காவல" என்று நிறுத்திவிடுவார்கள். இழந்த கரியமில வாயு மறுபடி சேர சில நிமிடங்கள் ஆகும். முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் "இன்னும் காத்து வேணும்" என்ற தவிப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். அதைத் தாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் தொடர வேண்டும். நடுவில் ஒரு பெருமூச்சு தானாக வந்துவிட்டால் அடுத்த மூச்சைச் சின்னதாக்கினால் சரியாகிவிடும்.

மூச்சு ஓரளவு பிடிபட்டதும் கவனத்தை வெளியே கொண்டுவர வேண்டும். 5-4-3-2-1 என்று சொல்லப்படும் முறை இதற்குத்தான். பார்ப்பது ஐந்து, தொடுவது நான்கு, கேட்பது மூன்று, முகர்வது இரண்டு, சுவைப்பது ஒன்று. பஸ்ஸில் அது இப்படி இருக்கும். முன்சீட்டுக் கம்பியில் கை படும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு வழவழப்பாகத் தெரிகிறது. அதற்குக் கீழே வெல்டிங் வைத்த இடம் சொரசொரப்பாக இருக்கிறது. விரலை அங்கும் இங்கும் நகர்த்தி வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஜன்னலில் வயல், வரப்பில் ஒரு கொக்கு, மோட்டார் கொட்டகைச் சுவரில் பாதி அழிந்த விளம்பரம். இன்ஜின் சத்தம் கியர் மாறும்போது எப்படி மாறுகிறது, கண்டக்டர் விசில், பின்சீட்டில் யாரோ போன் பேசுவது. மல்லிகைப்பூ, டீசல். வாயில் போட ஒரு கிராம்போ ஏலக்காயோ இருந்தால் கடித்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டைக் கையில் எடுத்து அதில் இருக்கும் எண்களைக் கூட்டிப் பார்ப்பதும் நன்றாக வேலை செய்யும். ஒரே நேரத்தில் கணக்குப் போடவும், நாடித்துடிப்பை எண்ணிப் பயப்படவும் மூளைக்குச் சிரமம்.

தண்ணீர் பாட்டில் இருந்தால் கைக்குட்டையை நனைத்து நெற்றி, கண், கன்னம் மூன்றையும் மூடி 15 வினாடி அழுத்தி வைக்கலாம். வீட்டில் என்றால் குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடிக்கலாம். முகத்தில் குளிர்ச்சி படும்போது இதயத் துடிப்பு குறைவது உடம்பின் இயல்பான அனிச்சைச் செயல். இதய நோய் இருப்பவர்களும், நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இதை விட்டுவிட வேண்டும். மூச்சும் கவனம் திருப்புவதுமே அவர்களுக்குப் போதும்.

இந்தப் பெண் ஆடுதுறை வருவதற்குள் உச்சத்தைத் தாண்டியிருப்பார். குத்தாலத்தில் நடுக்கம் நின்றிருக்கும், விரல் நுனியில் எறும்பு ஊறுவது மட்டும் மிச்சம் இருக்கலாம். அவர் நடுவில் இறங்கிவிடாமல் மயிலாடுதுறைவரை போவது நல்லது. ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறோம்.

அஞ்சு பொருள் பாரு, நாலு தொடுன்னு செஞ்சு பாத்தேன். கேக்கவே இல்ல.

இரண்டு காரணங்கள் அதிகம். ஒன்று, வேகம். "மரம், கார், கடை, ஆள், போஸ்டர்" என்று பத்து வினாடியில் ஒப்பித்துவிட்டால் கவனம் நெஞ்சிலேயே நிற்கும். "தென்னை மரம்" என்று நிறுத்தாமல், "தென்னையில காஞ்ச மட்டை ஒண்ணு விழாம தொங்குது, அடியில சிவப்பு கோடு போட்டிருக்கு" என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு நேரமாவது வேண்டும்.

மற்றது, நடுநடுவே சோதிப்பது. ஒரு பொருளைப் பார்ப்பது, உடனே நாடியைப் பிடித்து "கொறஞ்சுதா?" என்று பார்ப்பது, மறுபடி ஆக்ஸிமீட்டர் மாட்டுவது. ஒவ்வொரு சோதனையும் "இன்னும் ஆபத்து இருக்கு" என்று மூளைக்குச் சொல்கிறது. அட்டாக்கை விரட்டுவதற்காக இந்த முறை இல்லை. அது தானாக இறங்கும்வரை புதிய பயத்தை ஊட்டாமல் இருப்பதற்காக. அந்த எண்ணத்தோடு செய்தால் பலன் வேறு மாதிரி இருக்கும். அட்டாக் இல்லாத நாட்களில் தினம் இரண்டு வேளை, ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்து பழகியிருந்தால் அவசரத்தில் கை கொடுக்கும். பயத்தின் உச்சத்தில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது யாருக்கும் கஷ்டம்.

வீட்டுல ஒருத்தருக்கு வந்தா நாங்க என்ன செய்யணும்?

முதலில் கூட்டத்தை விலக்குங்கள். ஒரே ஆள், கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, மெதுவாகப் பேசினால் போதும். "பயப்படாதே" என்பதைவிட, "நான் இங்கதான் இருக்கேன். என்கூட சேர்ந்து ஊது" என்று சொல்லி நீங்களே மெதுவாக மூச்சு விட்டுக் காட்டுவது பலிக்கும். தொடுவதற்கு முன் கேளுங்கள். சிலருக்குத் தோளில் கை வைத்தால் ஆறுதல், சிலருக்கு மூச்சு முட்டும்.

கையில் இரும்புச் சாவி கொடுப்பது அட்டாக்கை நிறுத்தாது, ஆனால் கெடுதலும் இல்லை. குளிர்ந்த இரும்பைத் தடவிப் பார்ப்பது கவனத்தைத் திருப்பவும் செய்யும். திருநீறு பூசுவது அவருக்கு நிம்மதி தருமானால் பூசுங்கள். தவறு எது என்றால், அதோடு நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருப்பது. காத்து கருப்பு என்று பேசி இரவோடு இரவாக எங்காவது அழைத்துப் போவது பயத்தை இரட்டிப்பாக்கும். மூச்சு வாங்கும்போது வாயில் சோடாவோ கஷாயமோ ஊற்றாதீர்கள், புரையேறும்.

காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடச் சொல்வது பழைய வழக்கம். செய்யக் கூடாது. வந்திருப்பது மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால், பைக்குள் குறையும் ஆக்ஸிஜன் உயிருக்கே ஆபத்தாகும்.

மாரடைப்பு இல்ல, இதுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வீட்டில் உட்கார்ந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் விதி எளிது. முதல் தடவை என்றால் ஆஸ்பத்திரி. 40 வயதுக்கு மேல், சர்க்கரை, பி.பி., புகைப்பழக்கம் இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துகிற மாதிரி வலி, அது இடது கை, தாடை, முதுகுக்குப் பரவினால், நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைந்தால், 15 நிமிடம் தாண்டியும் விடாவிட்டால், இதில் எது இருந்தாலும் 108. ஆக்ஸிமீட்டர் 99 காட்டுகிறது என்று இருந்துவிடாதீர்கள்; மாரடைப்பிலும் அது 99 காட்டலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டும் வருவதுண்டு. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே முதலில் போகலாம். 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் அங்கேயே இருக்கின்றன.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் முதலில் குளுக்கோமீட்டர். 70-க்குக் கீழ் என்றால் அது சர்க்கரைத் தாழ்வு. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டாலும் அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் கொடுத்துவிடலாம்.

காவிரி டெல்டாவில் இன்னும் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். வயலில் மருந்து அடித்துவிட்டு வந்தவருக்குப் படபடப்பும் மூச்சுத் திணறலும் வந்தால் கண்ணையும் வாயையும் பாருங்கள். பயத்தில் வாய் உலரும், கண்மணி விரியும். பூச்சிமருந்து விஷமானால் எச்சில் ஒழுகும், மூக்கு வடியும், கண்மணி குண்டூசித் தலை அளவு சுருங்கும், வயிற்றால் போகும். உடையைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவோடு உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். உடையைத் தொடும் நம் கையில் உறை இருக்க வேண்டும்.

மற்றது கட்டுவிரியன். தரையில் படுத்திருந்தவர் இரவில் வயிற்று வலியோடு எழுந்து, கண் இமை தொங்கி, பேசவும் விழுங்கவும் சிரமப்பட்டால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு 108. பேனிக் அட்டாக்கில் இமை தொங்காது.

தூக்கத்துலயே தூக்கிவாரிப் போட்டு எழுப்புது. கனவும் இல்ல. எதுக்கு?

தூக்கத்திலும் பேனிக் அட்டாக் வரும். பெரும்பாலும் தூங்கிய முதல் சில மணி நேரத்துக்குள், கனவு வராத ஆழ்ந்த தூக்கத்துக்குள் நுழையும் கட்டத்தில். அதனால்தான் கனவு எதுவும் நினைவில் இருக்காது. எழுந்து விளக்கைப் போட்டு, கட்டிலை விட்டு இறங்கி உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்து மேலே சொன்ன மூச்சையே செய்யலாம். சிமென்ட் தரையின் குளிர்ச்சி உதவும். பலத்த குறட்டை, மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் தூக்கம் தள்ளுவது இருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைக்கும் நோயாக இருக்கலாம், அதை டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

காபியை விடணுமா? நம்ம ஊர்ல அது நடக்குமா?

முழுசாக விட வேண்டியதில்லை. ஆனால் அட்டாக் வருகிற காலத்தில் திக்கான டிகிரி காபியை வெறும் வயிற்றில் குடிப்பதையும், மாலைக்கு மேல் குடிப்பதையும் நிறுத்திப் பாருங்கள். படபடப்பைத் தரும் தன்மை காபிக்கே உண்டு. தினமும் பல டம்ளர் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் என்று குறைத்துக்கொண்டே வரலாம். வெற்றிலையோடு போடும் சீவலும் புகையிலையும்கூட இதே மாதிரி படபடப்பைத் தரும்.

மாத்திரை போட்டா உடனே நின்னுடுமா?

உடனே அடக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அல்பிரஸோலம் மாதிரியானவை. அவை வேலை செய்யத் தொடங்கும்போது அட்டாக் பெரும்பாலும் தானாகவே இறங்கியிருக்கும், ஆனால் பழக்கம் மட்டும் தொற்றிக்கொள்ளும். தெரிந்த மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாள்பட எடுத்தவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். மனநல மருத்துவர் வழக்கமாகத் தருவது வேறு வகை, தினம் எடுப்பது. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடலாம், அதனால் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். அந்த வாரத்தில் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய.

அதுக்கப்புறம் பஸ்ல ஏறவே பயமா இருக்கு. வேலையையே விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்.

அட்டாக்கைவிட அதிகம் கெடுப்பது இதுதான். பாதியில் இறங்கினால் பயம் சட்டென்று குறையும். "இறங்கினதாலதான் தப்பிச்சேன்" என்று மூளை எழுதிக்கொள்ளும். அடுத்த முறை பஸ்ஸைப் பார்த்ததுமே எச்சரிக்கை அடிக்கும். பிறகு கோயில் கூட்டம், பிறகு கடைத்தெரு என்று பட்டியல் நீளும். பஸ்ஸில் இருந்துகொண்டே அட்டாக் இறங்குவதைப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு மாறும்.

திரும்பப் போவதைச் சின்னதாக ஆரம்பியுங்கள். கூட்டமில்லாத மதிய பஸ்ஸில் இரண்டு ஸ்டாப், துணையோடு. பயம் 10-க்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். அதே பயணத்தை அடுத்தடுத்த நாட்களில் செய்யுங்கள். எண் பாதியாகக் குறைந்ததும் தூரத்தைக் கூட்டுங்கள், பிறகு தனியாக, கடைசியாக சாயங்காலக் கூட்டத்தில். துணை, தண்ணீர் பாட்டில், மாத்திரை எல்லாம் இருந்தால்தான் போவேன் என்று ஆகிவிட்டால், அவற்றையும் ஒவ்வொன்றாக விட வேண்டும்.

தனியாக முடியவில்லை என்றால் இதைப் படிப்படியாகச் செய்விக்கிற சிகிச்சை உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவிக்கான தொலைபேசிச் சேவையான டெலி மனாஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழில் பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அடுத்த அட்டாக்குக்குக் காத்திராமல் அன்றைக்கே பேசுங்கள். முதல் தடவை போகும்போது எந்தத் தேதி, எங்கே, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன தோன்றியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.